கங்கைகொண்டான் சோலார் ஆலைக்கு எந்தக் காப்பு சரி: வரியா, மானியமா, பட்டியலா?

பாளையங்கோட்டையில் மாடியில் சோலார் போட விலை கேட்டால் இரண்டு விலை சொல்கிறார்கள். “அண்ணாச்சி, கவர்மென்ட் மானியம் வேணும்னா டிசிஆர் பேனல்தான் போடணும், அது கூட வரும். மானியம் வேண்டாம்னா சாதா பேனல் போட்டுக்கலாம்” என்பார் வேலை எடுத்துச் செய்கிறவர். டிசிஆர் என்றால் வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியாவில் செய்தது, அதைப் பேனலாகக் கோத்ததும் இந்தியாவில். சாதா பேனலில் பெரும்பாலும் உள்ளே இருப்பது சீனத்துச் செல். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் தருகிறது என்று கேட்டு மகிழ்ந்துபோய் விசாரித்தால், அதில் ஒரு பங்கு இந்த விலை வித்தியாசத்திலேயே கரைந்துவிடுகிறது.

அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று பார்க்க நாம் அதிக தூரம் போக வேண்டாம். திருநெல்வேலிக்கு வடக்கே மதுரை சாலையில், கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமத்தின் சோலார் ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் செல்லும் பேனலும் செய்யும் அளவுக்குத் திட்டமிட்டது. முதலீடு ஏறக்குறைய 4,300 கோடி ரூபாய். பேனல் கோக்கும் வேலை முதலில் தொடங்கியது. செல் தயாரிப்பு 2024 செப்டம்பரில் தொடங்கியது. வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி சுற்றுவட்டாரத்துப் பெண்கள். சீனத்து ஆலைகளோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த தொழில். அதைக் கொஞ்ச காலம் காப்பாற்றத்தான் வீட்டுக்காரர் கூடுதல் விலை கொடுக்கிறார். காப்பாற்ற வேண்டுமா என்பது ஒரு கேள்வி. காப்பாற்றுவதென்றால் எந்த வழியில் என்பது அதைவிட முக்கியமான கேள்வி என்று நான் நினைக்கிறேன். சுங்க வரி, உற்பத்தி மானியம், அரசு அனுமதித்த தயாரிப்பாளர் பட்டியல் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் இப்போது ஒரே நேரத்தில் நடப்பில் இருப்பதால் எது என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இளந்தொழிலைக் காப்பது என்ற வாதம் பழையது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-ல் எழுதினார், ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் லிஸ்ட் 1841-ல் விரிவாக்கினார். ஒரு தொழிலில் முந்திக்கொண்டவனுக்கு அனுபவத்தாலேயே செலவு குறைகிறது. பின்னால் வருகிறவனுக்கும் அதே திறமை வர முடியும், ஆனால் கற்றுக்கொள்ளும் வரை அவன் நஷ்டத்தில் ஓட வேண்டும். அந்த இடைக்காலத்துக்கு மட்டும் ஒரு மறைப்பு கொடு என்பதே வாதம். தடையற்ற வணிகத்தை ஆதரித்த ஜான் ஸ்டூவர்ட் மில்கூட 1848-ல் இந்த ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுத்தார். காப்பு தற்காலிகமாக இருக்க வேண்டும், தொழில் பிறகு தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. பின்னால் பொருளியலாளர் பாஸ்டபிள் இன்னொன்றைச் சேர்த்தார்: தன் காலில் நின்றால் மட்டும் போதாது, பிற்காலத்தில் வரும் ஆதாயம் இப்போது கொடுக்கும் விலையை வட்டியோடு ஈடுகட்ட வேண்டும்.

பாஸ்டபிள் சொன்னதை ஒரு வாட் பேனலை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக, இறக்குமதிப் பேனல் வாட்டுக்கு 10 ரூபாய், நம் ஆலைக்கு அடக்கச் செலவு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 4 ரூபாய் அதிகம், அடுத்த ஆண்டு 3, பிறகு 2, பிறகு 1, ஐந்தாம் ஆண்டு சமம். ஆறாம் ஆண்டிலிருந்து நம் பேனல் என்றென்றைக்கும் ஒரு ரூபாய் மலிவு. இதைவிட நல்ல பிள்ளை எங்கே கிடைக்கும் என்று தோன்றும். வட்டியை 8 சதவீதம் என்று வைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், நாம் கொடுத்த கூடுதல் விலை 9 ரூபாய் 29 காசு. காலமெல்லாம் வரும் அந்த ஒரு ரூபாய் ஆதாயம் 9 ரூபாய் 19 காசு. பத்துக் காசு நஷ்டம்! ஐந்தே ஆண்டில் சமமாகி, அதற்குப் பிறகு என்றென்றைக்கும் ஜெயிக்கிற ஆலைகூட இந்தக் கணக்கில் தேறவில்லை.

தேற ஒரு வழி உண்டு. இளமையில் ஆலையின் உற்பத்தி சிறியது, வளர்ந்த பிறகு பெரியது. நஷ்டத்தைச் சிறிய அளவில் சுமந்து, ஆதாயத்தைப் பெரிய அளவில் எடுத்தால் கணக்கு மாறிவிடும். முதலில் 300 வீட்டுக்கு மட்டும் கூடுதல் செலவு, பிறகு 1,000 வீட்டுக்கு மலிவு என்றால் ஆதாயம் செலவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். வரிக்கும் மானியத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான்.

ஒரு வட்டாரத்தில் ஓர் ஆண்டில் 1,000 வீடுகள் தலா மூன்று கிலோவாட் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 வீட்டுக்குத்தான் உள்நாட்டு ஆலையால் பேனல் கொடுக்க முடியும். 40 சதவீதம் வரி போட்டால் இறக்குமதிப் பேனலும் 14 ரூபாய் ஆகிவிடும். 3,000 வாட்டுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் 12,000 ரூபாய் கூடுதல். ஆயிரம் வீடும் சேர்ந்து 1 கோடியே 20 லட்சம் கொடுக்கின்றன. அதில் ஆலைக்குப் போய்ச் சேர்வது 36 லட்சம்தான். மீதி 84 லட்சம் சுங்க வரியாக அரசு கஜானாவுக்குப் போகிறது. அது வீண்போகவில்லை, அரசிடம்தானே இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். சரி, ஆனால் அது சோலார் போடுகிறவரிடம் மட்டும் வாங்கியது. விலை பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்ட வீடுகள் இந்தக் கணக்கிலேயே வராது. மானியம் என்றால் அதே 36 லட்சத்தை அரசு ஆலைக்கு நேராகக் கொடுக்கிறது. ஆயிரம் வீட்டுக்கும் பேனல் பழைய 10 ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆலைக்குக் கிடைப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியானால் அரசுகள் ஏன் வரியையே விரும்புகின்றன? மானியம் பட்ஜெட்டில் செலவாகத் தெரியும், ஆண்டுதோறும் கேள்வி வரும். வரி வருமானமாகத் தெரியும், சுமக்கிறவருக்கே தான் சுமப்பது தெரியாது. என்னைக் கேட்டால், கண்ணுக்குத் தெரிவதுதான் மானியத்தின் பெரிய குணம். ஒரு பிள்ளை வளர்கிறதா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வரியில் இன்னொரு சிக்கல், அது எதன் மேல் விழுகிறது என்பது. 2022 ஏப்ரல் 1 முதல் பேனலுக்கு 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் அடிப்படைச் சுங்க வரி. 2025 பட்ஜெட்டில் வரியின் பெயரைப் பிரித்து எழுதினார்கள், மொத்தச் சுமை பெரிதாக மாறவில்லை. 40, 25 என்று பார்த்தால் ஏதோ கொஞ்சம் வித்தியாசம் போலத்தான் தெரியும். கோப்பவர் பக்கம் நின்று பாருங்கள். உலகச் சந்தையில் பேனல் 100 ரூபாய், அதில் செல்லுக்கு 55, கண்ணாடி, அலுமினியச் சட்டம், பின்தாள் போன்றவற்றுக்கு 25, கோக்கும் வேலைக்கு மிஞ்சுவது 20 என்று கொள்வோம். வரிக்குப் பிறகு அவர் பேனலை 140-க்கு விற்கலாம். செல்லுக்கு வரியோடு 68.75 கொடுக்கிறார், மற்றவற்றுக்கு அதே 25. கையில் நிற்பது 46.25. இருபது ரூபாய் வேலைக்கு நாற்பத்தாறு ரூபாய்! பெயருக்கு 40 சதவீதக் காப்பு. கோக்கும் வேலைக்கு உண்மையில் கிடைத்தது 130 சதவீதத்துக்கும் மேல். செல்லை வாங்கி வந்து கோத்து விற்பதற்கே இவ்வளவு லாபம் இருக்கும்போது, கோடிக்கணக்கில் கொட்டிச் செல் ஆலை வைக்க யார் அவசரப்படுவார்கள்?

நடந்ததும் அப்படித்தான். அரசு பட்டியலில் ஏறிய பேனல் ஆலைகளின் திறன் 2025 ஆகஸ்டில் 100 கிகாவாட்டைத் தொட்டது. செல் திறன் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. செல்லுக்கு அடிப்படையான சிலிக்கான் தகடு, அதாவது வேஃபர், தயாரிப்பு இன்னும் மிகச் சிறியது. பேனல் கோப்பதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. செல்களை வரிசையாக நாடாவால் இணைத்து, கண்ணாடிக்கும் பின்தாளுக்கும் நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டி, சட்டம் மாட்டிச் சோதிப்பதுதான் வேலை. இயந்திரம் வாங்கினால் சில மாதங்களில் கை பழகிவிடும். செல் அப்படி அல்ல. காகிதம்போல் மெல்லிய சிலிக்கான் தகட்டின் மேற்பரப்பை அரித்து, உலையில் பாஸ்பரஸோ போரானோ ஊடுருவவிட்டு, படலம் பூசி, வெள்ளிக் குழம்பால் மெல்லிய கோடுகள் அச்சிட்டுச் சுட வேண்டும். உலையின் சூடு கொஞ்சம் பிசகினாலும் அந்தத் தொகுதி முழுவதும் செயல்திறன் இறங்கிவிடும். உடைபடும் தகடு எத்தனை, முதல்தரச் செல் எத்தனை சதவீதம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பழகிக் கற்க வேண்டிய வேலை அதுதான். கங்கைகொண்டானில் அந்தப் பகுதி இருக்கிறது என்பதால்தான் நான் அதைக் காக்கத் தகுந்தது என்கிறேன். வெறும் கோக்கும் கூடமாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இல்லை.

உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்ற திட்டத்தில் மத்திய அரசு சோலாருக்கு முதல் கட்டத்தில் 4,500 கோடியும் இரண்டாம் கட்டத்தில் 19,500 கோடியும் ஒதுக்கியது. இரண்டாம் கட்டத்தில் கங்கைகொண்டான் ஆலையின் குழுமமும் தேர்வானது. இதன் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலை கட்டியதற்குப் பணம் இல்லை, விற்ற பேனலுக்குத்தான். பேனலின் செயல்திறன் கூடினால் தொகை கூடும், உள்நாட்டில் சேர்த்த மதிப்பு கூடினால் தொகை கூடும், ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். இதன் பலவீனமும் தெரிந்ததே. பணம் பின்னால்தான் வரும், அதுவரை கடன் வாங்கித் தாங்கத் திராணி உள்ள பெரிய நிறுவனங்களுக்கே இது பொருந்தும். நம் பக்கத்தில் ஒரு நடுத்தரத் தொழில்முனைவோர் கண்ணாடியோ சட்டமோ செய்ய நினைத்தால் இந்தக் கதவு அவருக்குத் திறப்பதில்லை.

பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் பழையவை பல, வருமான வரியில் துரிதத் தேய்மானச் சலுகையை நம்பி நட்டவை. நட்ட ஆண்டிலேயே இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மின்சாரம் எத்தனை யூனிட் வந்தது என்று சலுகை கேட்கவில்லை. அதனால் காற்று பார்த்து இடம் தேடாமல், மார்ச் மாதத்துக்குள் நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் நட்டவையும் சேர்ந்துவிட்டன. பிறகு 2009-ல்தான் யூனிட்டுக்கு 50 காசு என்று உற்பத்திக்கு ஊக்கத்தொகை வந்தது. கொடுக்கும் பணம் எதை அளந்து கொடுக்கப்படுகிறதோ, தொழில் அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது வழி பட்டியல். அரசு அனுமதித்த பேனல் மாடல்கள், தயாரிப்பாளர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. சோலார்காரர்கள் ஏஎல்எம்எம் என்பார்கள். அரசுத் திட்டங்களுக்கும் அரசு உதவி பெறும் திட்டங்களுக்கும் அதில் உள்ள பேனலைத்தான் போட வேண்டும். தரத்துக்கான பட்டியல் என்று பெயர், ஆனால் வெளிநாட்டு ஆலை எதுவும் அதில் ஏறவில்லை. 2023-24 நிதியாண்டில் நிறுத்திவைத்து, 2024 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தார்கள். செல்லுக்கும் இதேபோல் ஒரு பட்டியல், 2026 ஜூன் 1 முதல் என்று விதி வகுக்கப்பட்டது.

மூன்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: உள்நாட்டு விலைக்கு ஒரு கூரை போடுகிறது. இறக்குமதி 10 ரூபாய், வரி 4 ரூபாய் என்றால் நம் ஆலை 14-க்கு மேல் கேட்க முடியாது. கேட்டால் வாங்குகிறவர் வரியைக் கட்டி இறக்குமதி செய்துகொள்வார். பட்டியலில் அந்தக் கூரை இல்லை. வெளியாருக்குக் கதவே இல்லை என்பதால், உள்நாட்டில் செல் தட்டுப்பாடு வந்தால் விலை 14 ஆகலாம், 20-ம் ஆகலாம். சீனத்தில் விலை இறங்கினாலும் அந்த இறக்கம் இங்கே வராது. 2023-ல் உலகச் சந்தையில் பேனல் விலை ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியானது. வரி மட்டும் இருந்தால் அப்படிப்பட்ட இறக்கத்தில் ஒரு பங்கு பாளையங்கோட்டை மாடிக்கும் வரும். அதோடு, ஆலைக்கு அவசரமே போய்விடும். எதிரே ஓடுகிறவன் எவ்வளவு முன்னால் இருக்கிறான் என்று தெரியாதவன் ஏன் ஓட வேண்டும்?

உலக வணிக அமைப்பில் இதற்கு ஏற்கெனவே ஓர் அடி வாங்கியிருக்கிறோம். தேசிய சோலார் திட்டத்தில் இந்தியச் செல்லையும் பேனலையுமே போட வேண்டும் என்ற நிபந்தனையை எதிர்த்து அமெரிக்கா 2013-ல் வழக்குப் போட்டது. 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. உற்பத்திக்கு நேரடியாகத் தரும் உதவியைக் காட்டிலும், உள்ளூர்ப் பொருளையே வாங்கு என்ற கட்டாயம்தான் அந்த விதிகளில் எளிதாக மாட்டிக்கொள்ளும்.

சீனா மானியம் கொடுத்து அடக்க விலைக்கும் கீழே விற்கும்போது நாம் மட்டும் நியாயம் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் இந்தக் கேள்விக்குத் தனி வலு உண்டு. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், தூத்துக்குடி - கொழும்பு வழியில் கட்டணத்தை இறக்கிக்கொண்டே போன பிரிட்டிஷ் கம்பெனியை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. அரசும் எதிர்ப்பக்கத்தில் நின்றது. 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. ஆனால் அது கற்றுக்கொள்ள நேரம் வேண்டும் என்ற வழக்கு அல்ல, விலையடித்து விரட்டுகிறான் என்ற வழக்கு. அதற்கு மருந்து பொருள்குவிப்புத் தடுப்பு வரி: குறிப்பிட்ட நாட்டின் மேல், விசாரணை செய்து, அளவு கணக்கிட்டுப் போடுவது. இரண்டு வழக்கையும் ஒரே வரிக்குள் போட்டுக் குழப்பினால், கற்கும் காலம் முடிந்த பிறகும் வரியை எடுக்க முடியாமல் போகும்.

காலம் முடிவது எவ்வளவு கடினம் என்பதற்கும் சோலாரே சான்று. 2018 ஜூலையில் பாதுகாப்பு வரி 25 சதவீதத்தில் தொடங்கி, இரண்டு ஆண்டில் 20, 15 என்று இறங்கும்படி அறிவித்தார்கள். நல்ல அமைப்பு. முடியும்போது இன்னோர் ஆண்டு நீட்டினார்கள். 2021 ஜூலையில் அது முடிந்தது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் 40 சதவீதம் என்று முன்பே அறிவித்துவிட்டிருந்தார்கள். நடுவில் கிடைத்த மாதங்களில் இறக்குமதியாளர்கள் பேனலை வாங்கிக் குவித்துக்கொண்டார்கள். இறங்கிவந்த வரி, முடிந்த பிறகு முன்னைவிட உயரத்தில் நின்றது.

கற்றுக்கொள்ளும் செலவில் ஒரு பகுதியை இந்த மூன்றில் எதுவுமே சரியாகத் தொடுவதில்லை. பொருளியலாளர் ராபர்ட் பால்ட்வின் 1969-ல் இதைத்தான் சொன்னார். ஓர் ஆலை பெண்களுக்கு உலை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறது. பழகியபின் பக்கத்து ஆலை ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அழைத்துக்கொள்கிறது. கற்றுக்கொடுத்தவனுக்கு நஷ்டம், நாட்டுக்கு லாபம். வரி போட்டு விலையை ஏற்றினால் இரண்டு ஆலைக்கும் லாபம் கூடும், கற்றுக்கொடுக்கும் ஆசை கூடாது. இதற்குப் பயிற்சிக்கே நேராகப் பணம் கொடுக்க வேண்டும். பேட்டை ஐடிஐயில் செல் தயாரிப்புக்கு ஒரு படிப்பு, ஆலையில் ஓராண்டு பயிற்சி, அந்த ஆண்டின் சம்பளத்தில் பாதி அரசு செலவு என்றால் போதும். யார் எங்கே வேலை மாறினாலும் திறமை ஊரில் நிற்கும். ஆயிரக்கணக்கான கோடிகளோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

ஆகவே என் தேர்வு இது. உற்பத்தி மானியம் முதன்மையான வழியாக இருக்க வேண்டும், அது பேனலைவிடச் செல்லுக்கும் வேஃபருக்கும் அதிகம் போக வேண்டும். வரி இரண்டாவது துணை. பேனல் வரியைச் செல் வரிக்கு அருகே இறக்கிக்கொண்டுவந்து, இரண்டும் ஆண்டுக்கு ஐந்து புள்ளியாகக் குறையும் அட்டவணையை இப்போதே அரசிதழில் போட வேண்டும். பட்டியலைத் தரச் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, சோதனையில் தேறும் எவருக்கும் திறந்துவிட வேண்டும். அதை ஒரே நாளில் செய்ய முடியாதென்றால், உள்நாட்டுச் செல் விலை இறக்குமதி விலையும் வரியும் சேர்ந்ததைத் தாண்டும் மாதங்களில் பட்டியல் தானாகத் தளரும் என்று ஒரு விதியாவது வேண்டும்.

இப்படிச் செய்தால் கங்கைகொண்டான் ஆலைக்கு ஆபத்து இல்லையா? கொஞ்சம் உண்டு. மானியம் தாமதமானால் தாங்கும் திறன் வேண்டும், சீன விலை மறுபடி சரிந்தால் ஓரிரு ஆண்டு வலிக்கும். இருந்தாலும் ஆலை வளர்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க மூன்று அறிகுறிகள் உண்டு: செல்லின் செயல்திறன் புதிய சீனச் செல்லை நெருங்குகிறதா, காப்பு இல்லாத வெளிச்சந்தையில் ஏதாவது விற்கிறதா, டிசிஆர் பேனலுக்கும் சாதா பேனலுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறதா. ஏற்றுமதியைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். அமெரிக்கா சீனப் பொருளுக்கு வரி போட்டிருப்பதால் அங்கே இந்தியப் பேனல் விற்பது அந்த நாட்டின் சுவருக்குப் பின்னால் விற்பது. அதைத் திறமைக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. மூன்றாவது அறிகுறியைப் பார்க்க யாருக்கும் அறிக்கை தேவையில்லை. மாடிக்கு விலை கேட்கும் ஒவ்வொருவர் கைக்கும் அது வருகிறது. இரண்டு விலைக்கும் இடையிலான வாட் கணக்கு வித்தியாசத்தை மாவட்டவாரியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு வெளியிட வேண்டும் என்று நம் எம்.பி.யிடம் கேட்கலாம். மாடி சோலார் மானியத்துக்கு விண்ணப்பம் ஏற்கெனவே இணையத்தில்தான் போகிறது. விலையையும் பேனல் வகையையும் அதிலேயே கேட்டு வாங்கிவிடலாம்.